பிரஷரே இல்லாத அப்பாவுக்கு எதற்கு பிரஷர் மாத்திரை?

அப்பாவுக்கு நெஞ்சு வலித்தபோது வாயு என்று நினைத்து ஒரு ராத்திரி முழுக்கத் தள்ளிப்போட்டுவிட்டோம். மறுநாள் ஆஞ்சியோவில் இதயத்தின் முன்பக்கத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய் முழுதாக அடைத்திருந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள். எக்கோவில் பம்பிங், அதாவது இடது கீழறையில் நிரம்பும் ரத்தத்தில் ஒவ்வொரு துடிப்புக்கும் வெளியே போகும் பங்கு, 35 சதவீதம்தான்.

அடுத்த நாளே ரமிப்ரில் என்ற பிரஷர் மாத்திரையை 1.25 மில்லிகிராமில் ஆரம்பித்தார்கள். அப்போது பிரஷர் 108/70. "எனக்கு பிரஷரே கிடையாதே, இது எதுக்கு டாக்டர்?" என்று அப்பா கேட்டார். டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார்.

மாரடைப்பில் ரத்தம் கிடைக்காமல் செத்துப்போன இதயத் தசை உறுதியான தழும்பாக மாறச் சில வாரங்கள் ஆகும். அதுவரை அந்த இடம் மெலிந்து, ஒவ்வொரு துடிப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இழுபடும். இடது கீழறை பெரிதாகி, நீள வடிவம் போய் உருண்டையாகும். அறை பெரிதாக ஆக அதன் சுவர் தாங்கும் இழுவிசையும் கூடும். அதனால் நல்ல தசையும் விரிய ஆரம்பிக்கும். ரத்த ஓட்டம் குறைந்ததைச் சமாளிக்க உடம்பு சுரக்கும் ஆஞ்சியோடென்சின் ரத்தக் குழாய்களை இறுக்கி, இந்த விரிவை இன்னும் தூண்டிவிடும். ரமிப்ரில் தடுப்பது அந்த ஆஞ்சியோடென்சின் உருவாவதைத்தான். பிரஷர் குறைவது அதன் ஒரு பக்கம் மட்டுமே.

இதே வகை மருந்தான கேப்டோப்ரிலை, பம்பிங் 40 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தவர்களுக்கு, மாரடைப்பு வந்த 3 முதல் 16 நாட்களுக்குள் ஆரம்பித்துப் பார்த்த ஆய்வு 1992இல் வெளிவந்தது. மருந்து எடுத்தவர்களிடம் இறப்பு 19 சதவீதம் குறைந்திருந்தது.

ஆனால் அவசரப்பட்டு டோஸை ஏற்ற முடியாது. பிரஷர் சட்டென்று விழுந்தால் இதயத்துக்கே ரத்தம் போதாமல் போகும். அதனால் பிரஷரைப் பார்த்துப் பார்த்துத்தான் 2.5, அப்புறம் 5 என்று ஏற்றினார்கள். இடையில் பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்க்க ரத்தப் பரிசோதனை. கூடவே இதயத் துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலாலும் இருந்தது.

ஆறாவது வாரம் ராத்திரியெல்லாம் வறட்டு இருமல். சளி இல்லை, காய்ச்சலும் இல்லை. அப்பா யாரிடமும் சொல்லாமல் நாலு நாள் ரமிப்ரிலை நிறுத்திவிட்டார். அது தெரிந்ததும் எனக்கு உண்மையிலேயே பயமாகிவிட்டது. இந்த வகை மாத்திரையில் இப்படி இருமல் வருவது சகஜம்தானாம். நுரையீரலில் நீர் சேர்ந்திருக்கிறதா என்று சோதித்து, இல்லை என்றானதும், ஆஞ்சியோடென்சினின் வேலையைத் தடுக்கும் வால்சார்டானுக்கு மாற்றினார்கள். இருமல் இரண்டு வாரத்தில் நின்றது.

மூன்றாம் மாத எக்கோவில் பம்பிங் 43. நாங்கள் அதைப் பார்த்தே சந்தோஷப்பட்டோம். டாக்டர் வேறு ஒரு வரியைக் காட்டினார்: இடது கீழறையின் அகலம் முதல் எக்கோவில் 53 மில்லிமீட்டர், இப்போது 54. அடைப்பு நீங்கியதும் மரத்துப்போயிருந்த தசை தானாகவே விழித்துக்கொள்ளும், பம்பிங் அதனாலும் ஏறியிருக்கலாம் என்றார். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் அளவெடுப்பதிலேயே வரக்கூடியது. அறை விரியவில்லை என்பதைத்தான் அவர் முதலில் பார்த்திருக்கிறார்.

வால்சார்டான் தொடர்கிறது. அடுத்த எக்கோவுக்கு ஆறு மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். பழைய ரிப்போர்ட் இரண்டையும் கையோடு எடுத்துப் போக வேண்டும்.