போட்டோ போட்டி கேப்ஷனை மூன்று முறை எழுதிய கதை

"அண்ணே, தோத்துப்போனாலும் என் படம் உங்களுக்குத்தானா?"

தேவனாம்பட்டினத்துத் தம்பி ஒருவர் அனுப்பிய வாய்ஸ் நோட். மாசி மகத் தீர்த்தவாரிப் படங்களுக்காக எங்கள் வாசகர் வட்டம் கடலூரில் சின்னதாக ஒரு போட்டோ போட்டி அறிவித்திருந்தது. இன்ஸ்டாகிராமில் போஸ்டரும் கேப்ஷனும் ஏற்றி ஒரு நாள்கூட ஆகவில்லை. கேப்ஷன் எழுதியது நான். வேறெங்கோ பார்த்துச் சுட்ட வரி ஒன்று அதில் இருந்தது: "அனுப்பப்படும் படங்கள் அனைத்தும் போட்டிக் குழுவுக்கே சொந்தம்." எல்லாரும் போடுகிறார்களே என்று நானும் போட்டிருந்தேன்.

தம்பியின் கணக்கு எளிமையானது. "முதல் பரிசு 3,000 ரூபாய். ஜெயிச்ச படத்தை அதுக்கு வாங்கிக்கிறீங்க, சரி. மத்தவங்க படத்தைச் சும்மாவே எடுத்துக்குவீங்களா?" எனக்குப் பதில் வரவில்லை. எங்களுக்கு உண்மையில் என்ன தேவை என்று அன்று ராத்திரி உட்கார்ந்து யோசித்தபோதுதான் வெட்கமாகிப்போனது. ஒரு கண்காட்சி, ஒரு காலண்டர், எங்கள் பக்கத்தில் சில பதிவுகள். அவ்வளவுதான். இதற்கு எதற்கு எல்லாப் படமும் எல்லாக் காலத்துக்கும்?

வட்டத்தில் ஒரு வக்கீல் இருக்கிறார். அவரிடம் காட்டியதும் சிரித்தார். "இந்த வரி மிரட்டத்தான் ஆகும்," என்றார். இந்தியாவில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கோ கூலிக்கோ எடுக்காத படத்தின் முதல் உரிமையாளர் எடுத்தவர்தான். அந்த உரிமையை முழுசாக மாற்றிக் கொடுக்க அவர் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும். கேப்ஷனுக்குக் கீழே படம் அனுப்பியதே கையெழுத்து ஆகிவிடாது. எத்தனை வருஷத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருஷம், எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். "சொந்தம்னு கேக்காதீங்க. எதுக்கு, எவ்வளவு நாளுக்குப் பயன்படுத்திக்கலாம்னு அனுமதி கேளுங்க. அதையும் எழுத்துல வாங்குங்க," என்றார்.

இரண்டாம் கேப்ஷனில் அந்தப் பகுதி இப்படி ஆனது:

"படம் எடுத்தவருக்கே சொந்தம். பரிசு பெறும் 3 படங்களும் கண்காட்சிக்குத் தேர்வாகும் 20 படங்களும் மட்டும், ஓர் ஆண்டு வரை, எங்கள் கண்காட்சியிலும் இந்தப் பக்கத்திலும் எடுத்தவர் பெயருடன் இடம்பெறும். காலண்டருக்கோ வேறு எதற்குமோ தனியாகக் கேட்போம். தேர்வாகாத படங்களை முடிவு வந்த 30 நாளில் அழித்துவிடுவோம்."

இதே வாசகத்தைக் கூகுள் படிவத்திலும் போட்டு, 'ஒப்புக்கொள்கிறேன்' பெட்டியைத் தொட்டால்தான் படம் ஏறும் என்று வைத்தோம். அதற்குள் 11 பேர் பழைய விதியின்கீழ் படம் அனுப்பியிருந்தார்கள். அவர்களுக்கு ஒவ்வொருவராக மெசேஜ் போட்டுப் புது வாசகத்துக்குச் சம்மதம் கேட்டேன். அலுப்பான வேலைதான். ஆனால் நடுவில் விதியை மாற்றிவிட்டுச் சொல்லாமல் இருப்பது சுட்ட வரியைவிட மோசம்.

அடுத்த சிக்கல் மதிப்பீடு. "சிறந்த படங்களை நடுவர்கள் தேர்ந்தெடுப்பார்கள்" என்று முதலில் எழுதியிருந்தேன். அதில் விஷயமே இல்லை. நடுவர்கள் மூவருக்கும் எங்கள் போனில் கிடந்த பழைய மாசி மகப் படங்கள் சிலதை அனுப்பி, நூற்றுக்கு மதிப்பெண் போடச் சொன்னேன். வெள்ளிக் கடற்கரைச் சூரிய உதயம் ஒன்றுக்கு ஒருவர் 88 போட்டார், இன்னொருவர் 52. கண்ணைப் பறிக்கிற படம்தான். ஆனால் அதில் சாமியும் இல்லை, சனமும் இல்லை. வெள்ளிக் கடற்கரை எந்த நாளும் அப்படித்தான் விடியும்.

அதன்பிறகு மதிப்பெண்ணைப் பிரித்தோம். தீர்த்தவாரி என்பது படத்தில் தெரிகிறதா, அதற்கு 40. பிடித்த தருணத்துக்கு 30. ஒளி, சட்டகம் இரண்டுக்கும் சேர்த்து 30. மறுபடி போட்டுப் பார்த்தால் அந்தச் சூரிய உதயம் ஒரு நடுவரிடம் 10, 15, 28 என்று 53தான் வாங்கியது. தோளில் பல்லக்கோடு மணலில் தடுமாறும் நாலு பேரின் கொஞ்சம் கலங்கிய படம் அதே நடுவரிடம் 38, 27, 14 என்று 79 வாங்கியது. 40, 30, 30 என்ற பிரிவைக் கேப்ஷனிலேயே போட்டோம். சமமாக வந்தால் தருணத்தின் மதிப்பெண்ணைப் பார்ப்போம் என்றும் சேர்த்தோம்.

எடிட்டிங்குக்கும் முதலில் "கூடாது" என்று ஒரே சொல்தான். போன் கேமராவே தானாக வெளிச்சம் ஏற்றுகிறதே, அப்புறம் யார்தான் தேறுவார்கள்? வெட்டலாம், வெளிச்சமும் நிறமும் சரிசெய்யலாம், படத்தில் இருப்பதை நீக்கவோ இல்லாததைச் சேர்க்கவோ கூடாது என்று மாற்றினோம். இறுதிச் சுற்றுக்கு வருபவர்கள் ஒரிஜினல் ஃபைலைத் தர வேண்டும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக வந்தால் சுருங்கி, எடுத்த நேர விவரமும் போய்விடும். அதனால் டாக்குமென்டாக அனுப்பச் சொன்னோம். இது கைகொடுத்தது. ஒரு படத்தில் சாமியின் குடைக்கு இடதுபக்கம் மின்கம்பி வருகிறது, வலதுபக்கம் காணவில்லை. ஒரிஜினலில் கம்பி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. எடுத்தவரே, "அழகுக்குத்தான் சார் அழிச்சேன்," என்று விலகிக்கொண்டார்.

தீர்த்தவாரிக்கென்றே ஒரு விதி, வட்டத்தில் இருக்கும் ஓர் அக்கா சொல்லிச் சேர்த்தது: கடலில் முழுக்குப் போடுபவர்களின் நெருக்கப் படம் வேண்டாம், சிறுவர் முகம் தெளிவாகத் தெரிந்தால் பெற்றோர் சம்மதம் வேண்டும். "நனைஞ்ச சேலையோட நிக்கிறவ உங்க கண்காட்சிக்குன்னு கடலுக்கு வரல," என்றார். யாரும் மறுத்துப் பேசவில்லை.

எல்லாம் எழுதி ஒட்டினால் இன்ஸ்டாகிராம் வாங்க மறுத்தது. கேப்ஷனுக்கு 2,200 எழுத்துக்கள்தான் எல்லை. தமிழில் புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும். 'போட்டி' நமக்கு மூன்று எழுத்து, அதற்கு ஆறு. போட்டிக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் தொடர்பில்லை, அதற்குப் பொறுப்பும் இல்லை என்ற வரியை வேறு அவர்கள் விதிப்படி கட்டாயம் போட வேண்டும். அதனால் மூன்றாம் முறை எழுத்து. "கலை ஆர்வலர்களுக்கு அன்பான வணக்கம்" என்று தொடங்கிய பத்தி மொத்தமும் போனது. சுருங்கிய கேப்ஷனில் முதல் ஓரிரு வரிதான் கண்ணில் படும் என்பதால் கடைசித் தேதியையும், "படம் உங்களுக்கே சொந்தம்" என்பதையும் மேலே கொண்டுவந்தேன். பரிசு விவரம் போஸ்டரில் இருக்கிறது, கீழே போதும்.

வாய்ஸ் நோட் தம்பிக்குப் பரிசு கிடைக்கவில்லை. கண்காட்சிக்குத் தேர்வான இருபதில் அவர் படம் இருந்தது: ஈர மணலில் கழற்றிவிட்ட செருப்புகள், தூரத்தில் வரிசையாகக் குடைகள். காலண்டரின் மார்ச் மாதத்துக்கு அது வேண்டும் என்று சொன்னபடியே தனியாகக் கேட்டேன். 500 ரூபாய் தருகிறோம் என்றேன். சரி என்றார். புரூஃப் அனுப்பிய பத்தாவது நிமிஷம் மறுபடி வாய்ஸ் நோட்.

"அண்ணே, எம்பேர்ல சின்ன 'ர' இல்ல, பெரிய 'ற'."