பிளவுஸா, நைட்டியா, பேட்டர்னா: தீபாவளிக்கு முன் எழுதியவை

செப்டம்பர் 2
லைனிங் பிளவுஸ் ஒன்றுக்குக் கூலி 350. லைனிங், நூல், கொக்கி 80 போக 270 நிற்கிறது. அளவெடுக்க 15 நிமிடம், வெட்ட 20, தைக்க 90, கொக்கியும் ஹெம்மிங்கும் 30. மணிக்கு 104 ரூபாய் என்று கணக்கு சொல்கிறது.

செப்டம்பர் 3
அந்தக் கணக்கு தப்பு. கைக்குழியில் சுருக்கம் என்று பிளவுஸ் திரும்பி வந்தால் பிரித்துத் தைக்க 40 நிமிடம் போகும், அதற்குக் கூலி கிடையாது. மணிக்கு 83 ஆகிவிடும். ஒரே அளவுக்கு உடம்புக்கு உடம்பு தோள் சரிவு வேறு. அதைப் பார்த்ததும் பிடிக்கிற கண்ணும், முகம் சுளிக்காமல் திருத்தித் தருகிற பொறுமையும் இருப்பவருக்குத்தான் கூலித் தையல். கை வேகம் மட்டும் போதாது.

செப்டம்பர் 6
கைக்குழி.

செப்டம்பர் 9
நைட்டி. துணி 3 மீட்டர் 240, ஜிப், லேஸ், நூல் 25, ஆக 265. விலை 420. ஐந்து துணியை அடுக்கி ஒரே வெட்டு, அளவெடுக்கும் வேலையும் பேச்சும் இல்லை. ஒரே தையலை இருபது முறை ஒரே மாதிரி போட்டும் சலிக்காதவருக்கு இது சொர்க்கம்.
இருபதுக்கு முதல் 5,300. பன்னிரண்டு விற்றால் 5,040, பதின்மூன்றாவது போனால்தான் போட்ட காசு திரும்பும். எல்லா சைஸிலும் சமமாகத் தைத்துவைத்தால் நடு சைஸ்கள் முதலில் தீர்ந்துபோய் ஓரத்து சைஸ்கள் தொங்கும். லாபம் முழுக்க அந்தத் தொங்கலில்தான் இருக்கும். கடன் கேட்பவரிடம் இல்லை என்று சொல்ல வராதவர் இதில் இறங்கவே கூடாது.

செப்டம்பர் 10
துணிக்கடையில் சுருங்காது என்றார்கள். 50 செ.மீ. சதுரம் வரைந்து துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு அளந்தால் நீளம் 48. நூற்றுக்கு நாலு. 54 அங்குல நைட்டி முதல் துவைப்பிலேயே 2 அங்குலம் ஏறிவிடும். இருபதும் ஒன்றாகக் கெட்டுப்போகும். பிளவுஸில் தப்பு என்றால் ஒன்றோடு போகும்.

செப்டம்பர் 15
மழை. எதுவும் ஓடவில்லை.

செப்டம்பர் 19
பேட்டர்ன் பிடிஎஃப், அதாவது பிளவுஸ் வெட்டும் வரைபடத்தைக் கோப்பாக விற்பது. ஒருமுறை வரைந்தால் போதும், துணி தேங்காது. ஆனால் வாங்குகிறவர் A4 தாளில் `Fit to page` வைத்து அச்செடுத்தால் எல்லாம் சிறுத்துவிடும், பிளவுஸ் இறுக்கிப் பிடிக்கும். `Actual size` என்று முதல் பக்கத்திலேயே எழுதி, 5 செ.மீ. சோதனைக் கட்டம் ஒன்று போட வேண்டும். அதை அளந்து பார்க்காமல் வெட்டக் கூடாது.
எந்தக் கைக்குழியையும் தொட்டுப் பார்த்துத் திருத்தலாம். தொடாமல், வார்த்தையால் திருத்த முடியுமா? இந்தத் தொழிலுக்கு அதுதான் வேண்டும்.

செப்டம்பர் 22
போனில் சோதனை. படம் அனுப்பவில்லை. "முன்பக்கம் கைக்குழி ஓரத்தில் மிஞ்சுற துணியை ரெண்டு விரலால கிள்ளுங்க. எவ்வளவு வருது?" "கால் அங்குலம் இருக்கும்க்கா." "அதை மார்பு முனை நோக்கி ஒரு சின்ன டார்ட்டா பிடிங்க. முனைக்கு ஒரு அங்குலம் முன்னாடியே நிறுத்திடணும்."

செப்டம்பர் 23
சுருக்கம் போய்விட்டதாம். இன்னும் மூன்று பேரிடம், மூன்று உடல்வாகில், சொல்லிப் பார்க்க வேண்டும். நைட்டித் துணிக்குக் கொடுத்த முன்பணத்தை நாளைக்குள் திரும்பக் கேட்க வேண்டும்.