1934ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரம்: கடைசியில் எந்த ஸ்கேனை வைத்துக்கொண்டேன்

கொள்ளுத்தாத்தா 1934இல் நிலம் வாங்கிய கிரயப் பத்திரத்தின் சொத்து விவரப் பகுதியில் ஓர் இலக்கம் நெடுநாளாகப் பிடிகொடுக்காமல் இருந்தது. அதை இந்த வாரம் ஐயமில்லாமல் படிக்க முடிந்துவிட்ட மகிழ்ச்சியில் இதை எழுதுகிறேன். கையிலிருந்த ஸ்கேன்களில் பார்வைக்கு மிகத் துப்புரவாகவும் மிகக் கறுப்பாகவும் இருந்த படிதான் அந்த இலக்கத்தைத் தவறாகக் காட்டியது என்பதே இதில் நான் முதலில் சொல்ல வேண்டிய செய்தி.

பத்திரம் ஐந்தாம் ஜார்ஜ் தலை பொறித்த முத்திரைத்தாளில், பழுப்பேறிய மையில், பத்திர எழுத்தரின் கையால் எழுதப்பட்டது. பல ஆண்டுகள் நெடுவாக்கில் இரண்டாக மடித்து வைத்திருந்ததால், தாளின் நடுவே மேலிருந்து கீழாக ஓர் ஆழமான மடிப்பு ஓடுகிறது. அந்த மடிப்பின் மேலேயே "ஏக்கர் 1 செண்டு" என்பதற்கு அடுத்த எண் விழுந்திருக்கிறது. அது 36ஆ, 86ஆ என்பதுதான் கேள்வி. வழக்கம்போல எண்ணை எழுத்தாலும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்தச் சொல்லின் தொடக்கத்தை ராமபாணப் பூச்சி தின்றுவிட்டது. "பத்தாறு" என்பது மட்டும் மிஞ்சியிருக்கிறது. முப்பத்தாறும் எண்பத்தாறும் அப்படித்தான் முடிகின்றன. ஆகவே ஐம்பது செண்டு வேறுபாடு முழுவதும் ஓர் இலக்கத்தின் இடப்பக்கம் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பதைப் பொறுத்ததாகிவிட்டது.

என்னிடம் இருந்த படிகள் வெவ்வேறு வகையானவை. ஒரு ஜெராக்ஸ் கடையின் பெரிய இயந்திரத்தில் அங்குலத்துக்கு 200 புள்ளி என்ற அளவில் எடுத்த பி.டி.எஃப், கைபேசிச் செயலியில் ஜன்னலோரம் எடுத்த படி, என் மெல்லிய வீட்டு ஸ்கேனரில் 600 புள்ளியில் எடுத்தது, உறவினர் ஒருவரின் பழைய, கனமான ஸ்கேனரில் அதே 600 புள்ளியில் எடுத்தது. இந்தத் தாள் ஃபுல்ஸ்கேப் நீளம், ஏறத்தாழ 34 சென்டிமீட்டர். ஏ4 ஸ்கேனரின் கண்ணாடி 30 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆகவே வீட்டில் எடுத்தவையெல்லாம் மேல்பாதி, கீழ்பாதி என இரண்டு துண்டுகளாகவே அமைந்தன. தாளை உருளைகள் இழுத்துச் செல்லும் தானியங்கித் தட்டில் மட்டும் இத்தகைய பத்திரத்தை எவரும் வைக்க வேண்டாம். மடிப்பில் நைந்த தாள் அங்கேயே இரண்டாகப் பிரிந்துவிடும்.

முதலில் சாய்வைப் பார்த்தேன். கையெழுத்துப் பத்திரத்தில் எழுத்து வரிகளை வைத்துச் சாய்வை அளப்பது பயன்படாது. எங்கள் பத்திர எழுத்தரின் வரிகள் வலப்பக்கம் போகப் போக மேலே ஏறுகின்றன. தாள் நேராக இருந்தாலும் வரி சாய்ந்தேதான் இருக்கும். இமேஜ்மேஜிக் மென்பொருளின் கீழ்க்காணும் கட்டளை சாய்வின் கோணத்தைத் தானாகவே கணித்துத் தரும். ஆனால் அது வரிகளின் ஏற்றத்தையும் சேர்த்தே தாளின் சாய்வாக எடுத்துக்கொள்கிறது.

```
magick pathiram.tif -deskew 40% -format "%[deskew:angle]" info:
```

அதனால் நடு மடிப்பையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன். மடிப்பு நேர்கோடு, அது இரண்டு துண்டுகளிலும் இருக்கிறது, எழுதியவரின் கைப்பழக்கத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. மடிப்பின் மேல் ஒரு புள்ளியையும் கீழே ஒரு புள்ளியையும் எடுத்து, அவை பக்கவாட்டில் எத்தனை பிக்சல் விலகியிருக்கின்றன என்று பார்த்தால் போதும். கடைப் படியில் 2000 பிக்சல் உயரத்துக்கு 35 பிக்சல் விலகல் இருந்தது. அது ஒரு பாகைச் சாய்வு. வீட்டுப் படிகளில் 5000 பிக்சலுக்கு 26 மட்டுமே, அதாவது 0.3 பாகை. இந்த அளவுச் சாய்வை நான் திருத்துவதில்லை. மென்பொருளில் படத்தைத் திருப்பும்போது ஒவ்வொரு பிக்சலும் பக்கத்துப் பிக்சல்களோடு கலந்து புதிதாகக் கணக்கிடப்படுகிறது. மங்கிய மையின் விளிம்பு அதில் இன்னும் மங்கும். சாய்வு மிகுதி என்றால் தாளை நேராக வைத்து மீண்டும் ஸ்கேன் செய்வதே நல்லது.

கைபேசிப் படியின் கோளாறு வேறு வகை. அதில் இடது ஓரம் ஒரு கோணத்திலும் வலது ஓரம் இன்னொரு கோணத்திலும் நின்றன. கைபேசியைத் தாளுக்கு இணையாகப் பிடிக்காவிட்டால் தாள் ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் குறுகியும் விழும். செயலி நான்கு மூலைகளையும் இழுத்து அதைச் செவ்வகமாக்கிவிடுவதால் மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. ஆனால் மடிப்பில் மேடாக எழும்பி நிற்கும் தாளை மூலைகளை இழுத்துச் சமமாக்க முடியாது. நேராக இருக்க வேண்டிய மடிப்பு நடுவில் வளைந்து தெரிந்ததிலிருந்து அதைக் கண்டுகொண்டேன்.

இனி நிழல். இதைப் பற்றி நான் விரிவாகவே எழுதியாக வேண்டும், ஏனென்றால் முடிவைத் தீர்மானித்தது இதுதான். பெரும்பாலான ஸ்கேனர்களில் விளக்குப் பட்டை கண்ணாடியின் குறுக்கே படுத்திருந்து, தாளின் மேல் ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக ஒளி பாய்ச்சிக்கொண்டே நகர்கிறது. மடிப்பு அந்தப் பட்டைக்கு இணையாகக் கிடந்தால், மடிப்பின் மேட்டில் ஒளி மோதி, அதன் மறுபக்கத்தில் மெல்லிய நிழற்கோடு விழும். மடிப்பு பட்டை நகரும் திசையிலேயே கிடந்தால் நிழல் பெரும்பாலும் விழாது. கடையில் தாளைப் பெரிய கண்ணாடியில் குறுக்காக வைத்திருந்தார்கள். எனவே எங்கள் நெடுமடிப்பு சரியாக விளக்குப் பட்டைக்கு இணையாகக் கிடந்து, அதன் நிழல் அந்த இலக்கத்தின் இடப்பக்கம் விழுந்தது. கைபேசிப் படியிலும் வலப்பக்க ஜன்னலின் ஒளி அதையே செய்தது.

நிழல் வெறும் சாம்பல் நிறமாக இருந்திருந்தால் கண்ணே பிரித்தறிந்திருக்கும். செயலியின் நிழல் நீக்கும் வசதிதான் இதை மோசமாக்கியது. ஒவ்வோர் இடத்திலும் சுற்றுப்புறத்தைவிடக் கறுப்பானது எதுவோ அதை எழுத்தாகவும், மற்றதை வெள்ளைத் தாளாகவும் அது மாற்றுகிறது. கையின் நிழல், தாளின் பழுப்பு போன்ற அகன்ற மங்கல்களை அது அழகாக நீக்குகிறது. ஆனால் மடிப்பின் நிழற்கோடு பேனாக் கோட்டின் அகலமே உடையது. செயலி அதை மை என்றே கொண்டு கறுப்பாக்கிவிட்டது. திறந்திருந்த 3 மூடிய 8 ஆனது. பத்திரத்தின் எல்லாப் படிகளுக்குள்ளும் மிகத் தெளிவாகத் தெரிந்த எண் அந்தப் பொய்யான 86தான்.

மை எது, நிழல் எது என்பதை நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாதபோது, ஒளியை இடம் மாற்றிப் பார்ப்பதே வழி. தாளைத் திருப்பினால் மை தாளோடு திரும்பும், நிழல் திரும்பாது. உறவினர் வீட்டு ஸ்கேனரில், கண்ணாடியில் அடங்கும் அளவுக்குக் கீழ்ப்பகுதியை மட்டும் குறுக்காக வைத்து ஒரு படி எடுத்தேன். பிறகு தலைமாற்றி, எதிர்த்திசைக் குறுக்காக இன்னொரு படி எடுத்தேன். முதற்படியில் இலக்கத்தின் இடப்பக்கம் இருந்த கறுப்புக் கோடு, இரண்டாவதில் மடிப்பைத் தாண்டி வலப்பக்கம் போய்விட்டது. பிறகு தாளை நெடுவாக்கில் நேராக வைத்து எடுத்த படியில் கோடே இல்லை; இடப்பக்கம் விரியத் திறந்த 3 நின்றது. ஸ்கேன் செய்பவர்கள் ஐயமுள்ள ஒவ்வோர் எழுத்துக்கும் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்று மனமார வேண்டுகிறேன்.

நேராக வைத்தும் என் வீட்டு ஸ்கேனரின் படியைத் தள்ளிவிட நேர்ந்தது. மெல்லிய ஸ்கேனர்களில் உள்ள உணரிகள் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருக்கும் பரப்பை மட்டுமே கூர்மையாகப் பார்க்கும். மடிப்பில் தாள் ஒரு மில்லிமீட்டர் எழும்பினாலும் அங்கே எழுத்து குழைந்துவிடுகிறது. உள்ளே கண்ணாடி வில்லையும் ஆடிகளும் உள்ள பழைய கனத்த ஸ்கேனர் சில மில்லிமீட்டர் மேட்டையும் கூர்மையாகவே பிடித்தது. பழைய பொருள் விற்கும் கடைகளில் அத்தகையவை மலிவாகக் கிடைப்பதைப் பார்த்திருக்கிறேன்; விளக்கு சரியாக எரிகிறதா, கண்ணாடியின் உட்புறம் புகை படிந்திருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். தாளின் பின்புறப் பதிவுக் குறிப்புகள் முன்பக்கத்தில் ஊடுருவித் தெரிந்ததற்கு, பின்னால் ஒரு கறுப்பு அட்டையை வைத்தது நல்ல பலன் தந்தது. தாள் சற்றே இருண்டது, ஆனால் பின்பக்க எழுத்து அடங்கிவிட்டது.

மூன்றாவது சோதனை படித்துப் பார்ப்பது. முழுப் பக்கத்தையும் ஒப்பிடாமல், மிகக் கடினமான சில இடங்களை முன்கூட்டியே குறித்துக்கொண்டேன்: அந்த எண், "பவ ௵ ஆனி ௴" என்னும் தேதி வரியின் குறியீடுகள், எல்லை விவரத்தில் ஒற்றைக்கொம்பா இரட்டைக்கொம்பா என்று குழப்பும் ஓர் ஊர்ப்பெயர், எழுத்தர் அரிதாக இட்ட சில மெய்ப்புள்ளிகள். அரை மில்லிமீட்டர்ப் புள்ளி 600 புள்ளி அளவில் சுமார் 12 பிக்சல் அகலம் வருகிறது. 200இல் நான்கே பிக்சல்தான், சுருக்கிச் சேமித்ததும் தாளின் கறையோடு கலந்துவிடுகிறது. கடைப் படியில் எது புள்ளி, எது பழுப்புக் கறை என்று சொல்லவே முடியவில்லை.

பழைய கையெழுத்தில் பழக்கமுள்ள பெரிய அத்தையிடம் படிகளைக் காட்டியபோது, மோசமானதை முதலிலும் நல்லதைக் கடைசியிலும் காட்டினேன். நல்ல படியில் ஒரு சொல்லைப் படித்துவிட்டால், பிறகு மங்கிய படியிலும் கண் அதையே பார்க்கத் தொடங்கிவிடும். அப்போது ஒப்பீட்டுக்குப் பொருளில்லை. கைபேசிப் படியைப் பார்த்து அத்தை தயங்காமல் "எண்பத்தாறு" என்றார். கடைசிப் படியைக் காட்டியதும், "இது மூணுப்பா, வாய் திறந்திருக்கே" என்றார்.

உறவினர் ஸ்கேனரில் நேராக வைத்து எடுத்த இரண்டு துண்டுகளையும் வண்ணத்திலேயே, திருத்தம் ஏதுமின்றி, டி.ஐ.எஃப்.எஃப் கோப்புகளாக வைத்துக்கொண்டேன். குறுக்காக எடுத்த இரண்டையும் அழிக்கவில்லை. 36 என்பதற்கு அவையே சான்று. இரு துண்டுகளையும் ஒட்டி ஒரே பக்கமாக்கும் வேலை இன்னும் பாக்கி. அதற்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகலுக்கு விண்ணப்பிக்க எண்ணியிருக்கிறேன். அசையாச் சொத்துப் பத்திரங்களைப் பதிவின்போது 1ஆம் புத்தகத்தில் பார்த்து எழுதி வைத்தார்கள். மடிப்பும் பூச்சியும் வருவதற்கு முன்பே இந்தப் பத்திரத்தைப் படித்த ஒருவரின் கையில் அந்த எண் அங்கே எழுத்தாலும் இருக்க வேண்டும். பத்திரத்தின் பின்புறத்தில் பதிவு எண்ணும் பக்க எண்களும் இருக்கின்றன. ஆனால் ஊதா முத்திரை அவற்றின் மேல் விழுந்திருப்பதால், பின்பக்க ஸ்கேனைச் சிவப்பு, பச்சை, நீலம் எனத் தனித்தனியாகப் பிரித்து, எதில் முத்திரை மங்கி எண் தெரிகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.