.in என்று முடிந்தால் இந்தியக் கடையா? ஒரு தோல் பைக்குப் பணம் திரும்ப வாங்கிய அனுபவம்

முகவரி .in என்று முடிந்தது, விலை ரூபாயில் இருந்தது, 'இந்தியா முழுவதும் இலவச டெலிவரி' என்று பட்டை போட்டிருந்தார்கள். அசல் தோலில் ஆபீஸ் பை, 4,299 ரூபாய். மதுரைக்கு வந்து சேர்ந்தது சீன முத்திரை ஒட்டிய பொட்டலம். உள்ளே ரெக்சின் பை. தையல் ஓரத்தைப் புரட்டினால் பின்பக்கம் துணி தெரிகிறது. தோலில் அப்படித் துணி இருக்காது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "ஷென்ஜென் கிடங்குக்கு உங்கள் செலவில் அனுப்புங்கள், இல்லையென்றால் 20 சதவீதம் தருகிறோம், பையை வைத்துக்கொள்ளுங்கள்" என்று பதில். அங்கே கூரியரில் அனுப்பும் காசுக்கு இங்கேயே இன்னொரு ரெக்சின் பை வாங்கிவிடலாம்.

ஐடியில் இருக்கும் என் மச்சான் உடனே தளத்தின் ஐபி முகவரியைத் தேடிப் பார்த்துவிட்டு, "கனடா சர்வர் மாப்ள, கனடா சட்டம்தான்" என்றான். இன்னொரு நண்பர் வேறொரு கருவியில் பார்த்தார். அதில் மும்பை என்று வந்தது. "அப்ப இந்தியச் சட்டம்" என்றார். இரண்டும் உதவாத தகவல். கடைக்காரர் கனடா நிறுவனத்தின் தளத்தில் வாடகைக்குக் கடை விரித்திருந்தார். பக்கம் வேகமாகத் திறக்க அதன் நகல் உலகம் முழுக்கப் பல ஊர்களில் வைக்கப்படும், நமக்குக் கிடைப்பது பக்கத்தில் இருக்கும் நகல். ஐரோப்பிய ஒன்றியம் 2000ஆம் ஆண்டு மின்வணிகத்துக்கு நெறிமுறை வகுத்தபோதே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஒரு நிறுவனம் எங்கே இருக்கிறது என்பதை அது தொழில் நடத்தும் இடம்தான் முடிவு செய்யும், தளத்தைத் தாங்கும் இயந்திரம் இருக்கும் இடம் அல்ல. .in முகவரியும் அப்படித்தான். எந்த நாட்டுக்காரரும் பதிவு செய்துகொள்ளலாம்.

பார்க்க வேண்டிய இடங்கள் வேறு. தளத்தின் அடியில் விதிமுறைகள் பக்கத்தைத் திறந்து கடைசிவரை உருட்டினேன். ஹாங்காங் முகவரியோடு ஒரு நிறுவனப் பெயர், கூடவே 'ஹாங்காங் சட்டமே பொருந்தும்' என்று ஒரு வரி. ஜிஎஸ்டி எண் எங்குமே இல்லை. அப்புறம் கார்டு ஸ்டேட்மெண்ட். தளத்தில் ரூபாய் காட்டியவர்கள் டாலரில் எடுத்திருந்தார்கள், வியாபாரியின் பெயருக்குப் பக்கத்தில் HK. அதற்கு வங்கி தன் பங்குக்கு 3.5 சதவீதம் அந்நியச் செலாவணிக் கட்டணம், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக ஏறக்குறைய 178 ரூபாய். இன்னொரு அடையாளம் பணம் கட்டும்போதே தெரிந்தது: ஓடிபி வரவில்லை. இந்தியாவுக்குள் ஆன்லைனில் கார்டு போட்டால் இரண்டாவது சரிபார்ப்பு வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. வெளிநாட்டு வங்கி வழியாக வசூலிக்கும் கடைகள் பல அதைக் கேட்பதில்லை. ரூபாய் விலை, ஓடிபி இல்லை என்றால் பணம் எல்லை தாண்டிப் போகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இந்த ஓடிபி விஷயம்தான் பின்னால் என் காலை வாரியது. வங்கிக் கிளையில் இருந்தவர் ஸ்டேட்மெண்டைப் பார்த்தார். "ஓடிபி இல்லாம போயிருக்கா? அப்ப இது ஃப்ராடு சார்" என்று கார்டை முடக்கி, 'நான் செய்யாத பரிவர்த்தனை' என்ற பிரிவில் புகாரைப் போட்டுவிட்டார். "நான்தான் வாங்கினேன், வந்த பொருள்தான் வேற" என்று சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. கடைக்காரருக்கு அது அல்வா. என் பெயர், முகவரி, டெலிவரி ஆன ஆதாரம் எல்லாவற்றையும் அனுப்பினார், புகார் தள்ளுபடி. முடக்கிய கார்டுக்குப் பதில் புதுக் கார்டு வரக் காத்திருந்தது தனி.

தயவுசெய்து இதை மட்டும் கவனியுங்கள். நமக்குத் தெரியாமல் பணம் போனால் அது ஒரு பிரிவு. நாமே வாங்கி, சொன்ன பொருள் வராவிட்டால் அது வேறு பிரிவு, 'விவரித்தபடி பொருள் இல்லை' என்று போட வேண்டும். வங்கி மூலம் கடைக்காரரிடமிருந்து பணத்தைத் திரும்ப எடுக்கும் இந்த வழிக்கு சார்ஜ்பேக் என்று பெயர். இதற்கு விசா, மாஸ்டர்கார்டு போன்ற கார்டு நிறுவனங்கள் வழக்கமாக 120 நாள் அவகாசம் தருகின்றன. எந்த நாட்டுச் சட்டம் என்ற கேள்வியே இதில் எழாது, ஏனென்றால் இது கார்டு வலையமைப்பின் சொந்த விதி, கடைக்காரரின் வங்கியும் அதற்குக் கட்டுப்பட்டது. தவறான பிரிவில் போட்டால் அவகாசத்தில் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடும்.

அப்படியானால் இந்தியச் சட்டத்தால் பயனே இல்லையா? ஏட்டில் அது நம் பக்கம்தான். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள், இந்தியாவில் நிறுவப்படாவிட்டாலும் இங்குள்ள நுகர்வோருக்குத் தொடர்ந்து விற்கும் நிறுவனத்துக்கும் பொருந்தும். குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், ஹாங்காங் போக வேண்டியதில்லை. இந்த அளவு தொகைக்குக் கட்டணமும் கிடையாது. ஆனால் மதுரையில் ஆணை வாங்கிவிட்டு அதை யாரிடம் நிறைவேற்றுவது? இந்தியாவில் அவர்களுக்கு அலுவலகமோ கணக்கோ இல்லை. 4,299 ரூபாய்க்காக இன்னொரு நாட்டில் வக்கீல் வைக்க முடியாது. 1915க்கு அழைத்துத் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்தேன். அங்கே மரியாதையாகப் பேசினார்கள், கடைக்காரர் பதிலே போடவில்லை.

ஆனாலும் அந்தப் புகார் எண் வீண்போகவில்லை. இந்த விதிகளையும் அந்த எண்ணையும் குறிப்பிட்டுக் கடைக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். 20 சதவீதம் 50 ஆனது. வாங்கிக்கொள்ளவில்லை. பாதியை ஏற்றுக்கொண்டால் சமரசம் ஆகிவிட்டது என்று வங்கி எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. அதோடு, "பையைத் திருப்பி அனுப்பத் தயார், கட்டணம் செலுத்திய கூரியர் சீட்டை அனுப்புங்கள்" என்றும் எழுதினேன். இந்த வரி முக்கியம். பொருளைத் திருப்பித் தர முயன்றோம் என்று காட்டாவிட்டால் 'விவரித்தபடி இல்லை' புகார் நிற்காது. சீட்டு வரவே இல்லை.

இரண்டாம் முறை கிளைக்குப் போகாமல் கார்டு பிரிவுக்கே நேராக எழுதினேன். இணைத்தவை: 'அசல் தோல்' என்று போட்டிருந்த பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பையின் தையல் ஓரப் படம், மின்னஞ்சல்கள், 1915 புகார் எண். ஸ்கிரீன்ஷாட்டை முதல் நாளே எடுத்து வைத்தது நல்லதாகப் போயிற்று, பிறகு கடைக்காரர் அந்தப் பக்கத்தில் 'தோல் போன்ற' என்று மாற்றிவிட்டார். "ஏற்கெனவே தள்ளுபடியான புகார்தானே" என்று பதில் வந்தது. பிரிவைத் தேர்ந்தெடுத்தது உங்கள் ஊழியர் என்று பழைய படிவத்தின் நகலை அனுப்பியதும் எடுத்துக்கொண்டார்கள்.

கடைக்காரர் இந்த முறை மறுக்கவில்லை. 4,299 ரூபாய் முதலில் தற்காலிக வரவாக வந்தது, அப்புறம் உறுதியானது. 178 ரூபாய் வரவில்லை, அது எங்கள் சேவைக் கட்டணம் என்று வங்கி கைவிரித்துவிட்டது. தற்காலிக வரவைப் பார்த்த அன்றே பையை யாருக்காவது கொடுத்துவிடாதீர்கள். இறுதி முடிவு வரும்வரை கடைக்காரர் பொருளைக் கேட்கலாம், அப்போது கையில் இல்லையென்றால் வரவைத் திருப்பி எடுத்துவிட வாய்ப்பு இருக்கிறது.