பிளேட் டெஸ்ட் பாஸ் ஆன மணலும் அடியில் இருந்த களியும்

"தம்பி, பிளேட் டெஸ்ட்ல சதுர மீட்டருக்கு 20 டன் வரைக்கும் ஏத்தியாச்சு, 8 எம்.எம். தான் இறங்கியிருக்கு. நீங்க 8 டன் தான் தாங்கும்னு எழுதுறீங்க. மண்ணு சொல்றதை நம்புறதா, உங்க பேப்பர் சொல்றதை நம்புறதா?"

ப்ராஜெக்ட் மேனேஜர் இதைக் கோபமாகக் கேட்கவில்லை. முப்பது வருஷம் சைட்டில் இருந்தவர், நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதனால்தான் இன்னும் மனதில் நிற்கிறது. நான் அப்போது சொன்ன பதில் சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் அவர் கேட்டதற்கு அது முழுப் பதிலா என்று கேட்டால், தெரியவில்லை.

நான் சொன்னது இது: "சார், தட்டு மணலை மட்டும்தான் சோதிச்சிருக்கு. களி வரைக்கும் அதோட சுமை போகவே இல்ல."

சென்னைக்கு வடக்கே கடலோரத்தில் ஒரு ஷெட். துளையிட்டு மண் அடுக்குகளைக் குறித்த போர் லாக்கில் மேலே இரண்டரை மீட்டர் நடுத்தர அடர்த்தி மணல், அதற்குக் கீழே மூன்று மீட்டர் மெத்தென்ற சாம்பல் நிறக் களி, அப்புறம் மறுபடி நல்ல மணல். தூணுக்கு 60 டன் சுமை. தரைக்கு ஒரு மீட்டர் கீழே 2 மீட்டர் சதுர ஃபுட்டிங், அதாவது சதுர மீட்டருக்கு 15 டன். ஃபுட்டிங் அடிக்கும் களிக்கும் நடுவில் மிஞ்சுவது ஒன்றரை மீட்டர் மணல். சோதனைக்கு வைத்த தட்டு 45 செ.மீ. ஒரு தட்டின் சுமை, அகலத்தைப் போல் இரண்டு மடங்கு ஆழம் வரைதான் கணிசமாக உணரப்படும். ஆக 90 செ.மீ.யோடு அது கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. 2 மீட்டர் ஃபுட்டிங்கின் சுமையோ நாலு மீட்டர் வரை, அதாவது களிக்குள் இரண்டரை மீட்டர் போகும். சோதனை பொய் சொல்லவில்லை, அது சோதித்த இடம் வேறு, அவ்வளவுதான். சுமை பரவுவதைத் தாளில் இரண்டு குமிழாக வரைந்து காட்டினேன். அவருக்கு உடனே புரிந்தது.

சிக்கல் அதற்கு அடுத்த கேள்வியில் வந்தது. "சரி, களி வரைக்கும் போகுதுன்னே வெச்சுக்கலாம். எங்க ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட்டும் களியைப் பார்த்துத்தானே 15 கொடுத்திருக்கார்?"

ஆமாம், அவரும் பார்த்திருந்தார். அவர் போட்டது எல்லா ஆபீஸிலும் போடுகிற கணக்குதான். சுமை கீழே போகப் போக, 2 பங்கு ஆழத்துக்கு 1 பங்கு வீதம் பக்கவாட்டில் விரியும் என்று எடுத்துக்கொள்வது. ஒன்றரை மீட்டர் இறங்கும்போது 2 மீட்டர் சதுரம் மூன்றரை மீட்டர் சதுரமாகிறது, பரப்பு 12.25 சதுர மீட்டர். களியின் வடியா வெட்டு வலிமை சதுர மீட்டருக்கு 2 டன், அதைச் சதுர ஃபுட்டிங்குக்கான 6.17-ஆல் பெருக்கினால் களி 12.3 டன் தாங்கும். மொத்தம் சுமார் 151 டன், அதை ஃபுட்டிங்கின் 4 சதுர மீட்டரால் வகுத்தால் 37.8. பதினைந்துக்கு இரண்டரை மடங்கு பாதுகாப்பு. சுத்தமான கணக்கு, குறை சொல்ல ஒன்றும் இல்லை என்று தோன்றும்.

ஆனால் இந்தக் கணக்கில் மணலின் பெயரே வரவில்லை பாருங்கள். மணல் இறுக்கமா தளர்வா, உலர்ந்ததா நீரில் மூழ்கியதா, எதைக் கொடுத்தாலும் அதே 37.8 தான் வரும். எனக்கு அங்கேதான் உறுத்தியது. இந்த மாதிரி அடுக்கில் ஃபுட்டிங் தோற்பது வேறு விதமாக. மணலுக்குள் வழக்கமான வளைந்த வெட்டுப் பரப்பு உருவாகி, பக்கத்து மண் மேலே எழும்பித் தோற்பதில்லை. ஃபுட்டிங்குக்கு நேர் கீழே இருக்கிற மணல் ஒரு கட்டையாக அறுபட்டு, அப்படியே களிக்குள் இறங்குகிறது. அதைத் தடுப்பது இரண்டே விஷயங்கள்: கட்டைக்கு அடியில் களியின் தாங்குதிறன், கட்டையின் நாலு பக்கமும் மணலில் உண்டாகும் உராய்வு. மேயர்ஹாஃப் 1974-ல் எழுதியது இதைத்தான், பிறகு ஹன்னாவோடு சேர்ந்து 1980-ல் அதை விரித்தார். சதுர ஃபுட்டிங்குக்கு அது இப்படி வரும்:

```
q = 6.17 c + 2 γ H² (1 + 2D/H) Ks tanφ / B
```

c களியின் வெட்டு வலிமை, H என்பது ஃபுட்டிங் அடியிலிருந்து களி வரை உள்ள மணல், D ஃபுட்டிங்கின் ஆழம், B அகலம். மணலின் உராய்வுக் கோணம் φ 34 டிகிரி, எடை γ கன மீட்டருக்கு 1.7 டன், பக்க உராய்வுக்கான கெழு Ks-ஐ அவர்களுடைய படத்திலிருந்து 2 என்று எடுத்தேன். களியிலிருந்து 12.3, மணலின் பக்க உராய்விலிருந்து 12, மொத்தம் 24.3. பதினைந்தோடு ஒப்பிட்டால் பாதுகாப்பு 1.6 தான். வடகிழக்குப் பருவமழையில் அந்தப் பக்கம் தண்ணீர் தரைமட்டத்துக்கே வந்துவிடும். அப்போது மணலின் எடை மூழ்கிய எடையாக, சுமார் 0.9 ஆகக் குறையும், பக்க உராய்வும் 12-லிருந்து 6.4-க்கு இறங்கும். மொத்தம் 18.7, பாதுகாப்பு 1.25. பிளேட் டெஸ்ட் நடந்ததோ மே மாதத்தில்.

அவரிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டு இன்னொன்றும் சொன்னேன். இப்போது யோசித்தால் முதலிலேயே அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும் என்று படுகிறது. சாதாரண மணலில் ஃபுட்டிங் கொஞ்சம் இறங்கினால், ஆழம் கூடுவதால் தாங்குதிறனும் கூடும், மண் தானே பிடித்து நிறுத்தும். இங்கே தலைகீழ். இறங்க இறங்க நடுவில் இருக்கிற மணல் மெலிகிறது, அதனால் எதிர்ப்பு குறைகிறது, அதனால் இன்னும் இறங்குகிறது. கடலில் ஜாக்-அப் ரிக்குகளின் கால் திடீரென்று பல மீட்டர் போய்விடுவது இதே காரணத்தால்தான். ஆகவே 1.6 என்பது இங்கே மற்ற இடத்து 1.6 இல்லை.

அவர் சற்று நேரம் யோசித்துவிட்டு, "அப்போ அரை மீட்டர் கூடத் தோண்டிப் போட்டுடலாமா?" என்றார். சைட்டில் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான், ஆழமாகப் போனால் பத்திரம் என்று. ஆனால் இங்கே அரை மீட்டர் தோண்டினால் H ஒன்றரையிலிருந்து ஒன்றாகிவிடும். D கூடுவது கொஞ்சம் ஈடுகட்டினாலும் 24.3 என்பது 21.5 ஆகக் குறையும். நல்ல மணலை நாமே வெட்டி வெளியே கொட்டுகிறோம். இதைச் சொன்னதும் அவர் முகத்தில் ஓர் ஆயாசம் தெரிந்தது, அது நியாயமும்கூட.

கடைசியில் ஃபுட்டிங்கை இரண்டே முக்கால் மீட்டராக அகலப்படுத்தினோம். அழுத்தம் 8 டன்னுக்கு வந்தது, மழைக்காலத்திலும் பாதுகாப்பு 2-க்குக் குறையவில்லை. பரப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கான்கிரீட், கம்பி எல்லாம் கூடியது. ஷெட் நிற்கிறது. இதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை, ஏனென்றால் 2 மீட்டர் ஃபுட்டிங்கோடும் அது நின்றிருக்கலாம்.

இந்த இடத்தில்தான் நான் சுற்றிச் சுற்றி வருகிறேன். என் 1.6 முழுக்க அந்த Ks-ஐ நம்பியிருக்கிறது. அது படத்தில் கோடுகளுக்கு நடுவே கண்ணால் பார்த்து எடுக்கிற எண். 2-க்குப் பதில் 3 என்று எடுத்தால் பாதுகாப்பு 1.6-லிருந்து 2 ஆகிறது. களியின் வலிமையும் அப்படித்தான். குழாயில் எடுத்து, வண்டியில் குலுங்கி, லேபில் வெளியே தள்ளிய மாதிரியில் அளந்தது. மெத்தென்ற களி அப்படிக் கலைந்தால் உள்ளதைவிடக் குறைவாகத்தான் காட்டும். இடத்திலேயே களிக்குள் தகடுகளை இறக்கிச் சுழற்றி அளக்கிற வேன் ஷியர் சோதனை செய்திருந்தால் 2 டன் என்பது இரண்டரை ஆகியிருக்கலாம். நான் கேட்டேன், நேரமில்லை என்றார்கள். சரி, இருக்கிற எண்ணை வைத்துத்தானே எழுத முடியும்? எழுதினேன். ஆனால் கன்சல்டன்டின் கணக்கை "மணலையே பார்க்கவில்லை" என்று சொன்ன நான், என் கணக்கு மணலை எவ்வளவு சரியாகப் பார்த்தது என்று அந்த மீட்டிங்கில் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை என்பது உண்மை. ஒரே எண்ணாக இல்லாமல் இதிலிருந்து இதுவரை என்று சொல்லியிருந்தால் 15-ஐத்தான் எடுத்திருப்பார்கள் என்பதும் உண்மை.

அப்புறம் கிரேன் விஷயம். கூரை டிரஸ் ஏற்றும்போது ஒரு கிரேனின் அவுட்ரிகர் கால், அடியில் வைத்த ஸ்லீப்பர் கட்டைகளோடு சட்டென்று உள்ளே போனது. பூமைத் தாழ்த்தி வைத்திருந்ததால் வண்டி சாய்ந்ததோடு நின்றது, யாருக்கும் அடி இல்லை. நான் போய்ப் பார்த்தபோது குழியின் ஓரம் கத்தியால் அறுத்தது போல நேராக இருந்தது. சுற்றிலும் மண் துளிகூட எழும்பவில்லை, கட்டையிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒரு விரிசல் மட்டும். கட்டைகளைத் தூக்கியபோது அவற்றுக்குக் கீழே மணல் கெட்டியாக அப்படியே இருந்தது, அந்த மணலின் பக்கவாட்டில் சாம்பல் களி பிதுங்கியிருந்தது. தாளில் நான் வரைந்த கட்டை கண்ணெதிரே கிடந்தது.

மேனேஜர் என் தோளில் தட்டி, "நீங்க சொன்னது சரிதான் தம்பி" என்றார். நான் தலையாட்டினேன். ஆனால் அது நான் சொன்னதற்கு நிரூபணம் இல்லை. அந்த மூலையில் பழைய வாய்க்கால் ஒன்றை மணல் போட்டு மூடியிருந்தார்கள், முக்கால் மீட்டரிலேயே களி வந்துவிட்டது. கால் தரைமேல் இருந்ததால் D-யும் பூஜ்ஜியம். H-ன் வர்க்கத்தில் போகிற விஷயத்தில் முக்கால் மீட்டருக்கும் ஒன்றரை மீட்டருக்கும் நாலு மடங்கு வித்தியாசம். அன்றே இதை அவரிடம் விளக்கினேன். "பரவால்ல, இறங்குச்சு இல்ல?" என்றார்.

உண்மையில் அந்தக் குழி வேறொன்றைக் காட்டியது, அதைப் பற்றித்தான் நாங்கள் பேசவே இல்லை. எங்கள் போர் லாக்குகளில் எதிலும் அந்த வாய்க்கால் இல்லை. 15-ஆ 8-ஆ என்று மணிக்கணக்கில் வாதாடினோம். ஒரு ஃபுட்டிங் அந்த வாய்க்கால் மேல் விழுந்திருந்தால் அதன் அடி களிக்குள்ளேயே போயிருக்கும், H பூஜ்ஜியமாகியிருக்கும், என் 2-ம் அங்கே நின்றிருக்காது. ஒவ்வொரு ஃபுட்டிங் குழியிலும் கையால் துளை போடுகிற ஆகரை இறக்கி, களி எத்தனை மீட்டரில் வருகிறது என்று பார்க்க ஒரு மணி நேரம் போதும்.

அதே இடத்தில் இரண்டாவது ஷெட் வந்தபோது, ஆகர் பார்த்த பிறகுதான் கான்கிரீட் என்று ரிப்போர்ட்டிலேயே எழுதினேன், ஒத்துக்கொண்டார்கள். தாங்குதிறனுக்கு மறுபடி 8 தான் கொடுத்தேன். இந்த முறை யாரும் எதிர்க்கவில்லை, பிளேட் டெஸ்டும் கேட்கவில்லை, வேன் ஷியர் வேண்டும் என்றதற்கு மட்டும் "அதான் 8-க்கு ஒத்துக்கிட்டோமே, அப்புறம் எதுக்கு?" என்றார்கள். 8 சரியா, 11 கொடுத்திருக்கலாமா என்று சொல்ல உதவியிருக்கக்கூடிய சோதனை அது.