குலேன் மலைத் தீர்த்தமும் வற்றிய யசோதர தடாகமும்

கம்போடியாவின் அங்கோர் என்றதும் எல்லோரும் அங்கோர் வாட்டுக்குத்தான் ஓடுகிறார்கள். சிவபக்தர்கள் முதலில் குலேன் மலைக்குப் போவது நல்லது. அங்கே ஆற்றின் பாறைப் படுகையிலேயே வரிசை வரிசையாகச் சிவலிங்கங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். பலவும் கைப்பிடி அளவுதான். அவற்றுக்கு ஓயாமல் அபிஷேகம் செய்துகொண்டே தண்ணீர் கீழே இறங்குகிறது. அதுதான் சியெம் ரீப் ஆறு. கெமர் மன்னர்கள் தலைநகருக்குத் திருப்பிவிட்டது இந்தத் தீர்த்தத்தைத்தான்.

அப்புறம் கிழக்கு மேபோன் கோயில். 953-இல் ராஜேந்திரவர்மன் சிவனுக்குக் கட்டியது. மேடையின் மூலைகளில் கல்யானைகள் காவல் நிற்கின்றன. நான்கு பக்கமும் படகுத்துறைப் படிகள் இருக்கின்றன, சுற்றிலும் இருப்பதோ வயல். ஒரு காலத்தில் இது ஏரி நடுவிலிருந்த தீவு! 9-ஆம் நூற்றாண்டின் இறுதியில் யசோவர்மன் அமைத்த அந்த யசோதர தடாகம் ஏழரை கிலோமீட்டர் நீளமும் கிட்டத்தட்ட 1.8 கிலோமீட்டர் அகலமும் கொண்டது.

இதைப் பள்ளம் தோண்டி அமைக்கவில்லை. தரைமேல் நான்கு பக்கமும் மண்கரை எழுப்பி, நடுவில் நீரைத் தேக்கினார்கள். அதனால் ஏரியின் அடிமட்டமே ஏறக்குறைய வயல் மட்டத்தில் இருந்தது. கரையில் வழி திறந்தால் போதும், இறைக்காமலே தண்ணீர் வெளியே பாயும். அந்த நிலம் வடகிழக்கிலிருந்து தென்மேற்காகச் சரிகிறது. ஆற்று நீரை வடகிழக்கு மூலையில் உள்ளே விட்டு, மழைக்காலத்து வெள்ளத்தைக் கோடைக்குச் சேமித்தார்கள்.

சரி, பிறகு ஏன் வற்றியது? விடை தேட மேற்கே, தா கியோ கோயிலுக்கு அப்பால் உள்ள ஸ்பியான் த்மா கல்பாலத்துக்குப் போக வேண்டும். பழைய கோயில் கற்களைப் பெயர்த்து வந்து கட்டியிருக்கிறார்கள். சிலவற்றில் சிற்ப வேலைப்பாடு இன்னும் தெரிகிறது. பாலத்தின் கண்களில் இப்போது சொட்டு நீர் இல்லை. ஆறு அதை விட்டு விலகி, பக்கத்திலேயே பல மீட்டர் ஆழத்தில் ஓடுகிறது. வளைந்து வந்த ஆற்றை நேர்க்கால்வாயாக்கினால் சரிவு கூடும், வேகமும் கூடும். நீர் தன் படுகையையே அரித்துக்கொண்டு இறங்கிவிடும். அப்படித் தாழ்ந்த ஆற்றிலிருந்து மேட்டிலுள்ள ஏரிக்குத் தண்ணீர் எப்படி ஏறும்?

வானமும் கைகொடுக்கவில்லை. வியட்நாமின் பழைய மரங்களின் ஆண்டு வளையங்களை ஆராய்ந்து 2010-இல் வெளியான ஆய்வு, 14-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து பல பத்தாண்டுகள் நீண்ட வறட்சிகளையும், இடையிடையே கொட்டித் தீர்த்த பெருமழைகளையும் காட்டுகிறது. வறட்சியில் ஏரி நிரம்பாது. பெருமழையோ கால்வாயை உடைத்து, மணலால் தூர்த்துவிடும். என்னைக் கேட்டால் வறட்சியைவிட இந்த வெள்ளம்தான் பெரிய அடி. மழை பொய்த்தால் அடுத்த ஆண்டு பெய்யலாம், அரித்துப்போன படுகை தானாக மேலே வராது.

தண்ணீரோடு ஒரு தடாகத்தைப் பார்க்க வேண்டுமானால் மேற்கு பராய் இருக்கிறது. சுமார் 8 கிலோமீட்டர் நீளம், 11-ஆம் நூற்றாண்டினது. நடுத்தீவில் உள்ள மேற்கு மேபோனில் கிடைத்த பள்ளிகொண்ட பெருமாளின் வெண்கலச் சிலை மட்டும் இங்கே இல்லை, அது புனோம் பென் அருங்காட்சியகத்துக்குச் சொந்தமானது.