வடக்கே 330, தெற்கே 290

2024 ஜூன் 2, ஞாயிறு

பெரம்பலூரிலிருந்து ஊருக்குள் நுழையும்போதே தம்பியின் குரல் கேட்டது. நிலத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தான். எதிரே பெரியப்பா மகன், தோளில் துண்டோடு, பேசாமல் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தார்.

எங்கள் பங்கை விற்றுத் திருச்சியில் வீடு கட்டத் தம்பிக்கு ஆசை. வாங்க வந்தவர் தன் செலவில் ஆள் வைத்து அளந்திருக்கிறார். வரைபடத்தில் நிலத்தை நடுவில் நேர்கோடாகப் பிரித்து 1ஏ, 1பி என்று காட்டியிருக்கிறது. கிழக்குப் பாதி எங்களுடையது. அந்தக் கோட்டின்படி கிணறு முழுசாக எங்கள் பக்கம் விழுகிறது. கிணற்றோடு சேர்த்தால் விலை வேறு.

"கிணறு எங்கப்பா பாகம். தாத்தா குடுத்தது," என்றார் அண்ணன். காட்டத் தாள் இல்லை. 1974இல் பஞ்சாயத்து வைத்துப் பிரித்ததைப் பத்திரம் பதியவில்லை. கூர்சீட்டு மட்டும் எழுதினார்கள். அதைக் கரையான் தின்றுவிட்டது. நடு வரப்பும் இல்லை. அப்பா ஊரைவிட்டுப் போனபின் இரண்டு பாதியையும் அண்ணன்தான் உழுதார். மக்காச்சோளத்துக்கு டிராக்டர் ஓட்டியதில் வரப்பு கரைந்து மண்ணோடு மண்ணாகிவிட்டது.

2024 ஜூன் 3, திங்கள்

பட்டாவை இன்று நன்றாகப் பார்த்தேன். எங்களுக்கு 0.48.5 ஹெக்டேர். அவர்களுக்கும் அதே. அதாவது ஆளுக்கு ஒரு ஏக்கர் இருபது சென்ட். தம்பி அதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுகிறான். அளவு சரி. ஆனால் கோடு எந்த வழியாகப் போகிறது என்பதைப் பட்டா சொல்லாதே!

பெரியம்மா மெதுவாகச் சொன்னார்: "அன்னிக்குச் சங்கிலி புடிச்சு அளந்தது கணக்குப்பிள்ளை இல்ல. அவருகிட்ட இருந்த குமாஸ்தா. இன்னும் கீழத்தெருவுலதான் இருக்காரு."

2024 ஜூன் 5, புதன்

குமாஸ்தா ஐயாவுக்கு 83 வயது. 1980இல் அரசாங்கம் பரம்பரைக் கணக்குப்பிள்ளை முறையை ஒழித்தபோது அவருக்கும் வேலை போனது. அதற்குப்பிறகு மனு எழுதிக்கொடுத்துக் காலம் தள்ளியிருக்கிறார். பார்வை மங்கிவிட்டது. பேச்சு மங்கவில்லை.

"யாரு மக நீ? சின்னவர் மகளா? உக்காரு கண்ணு."

விஷயத்தைச் சொன்னதும் மருமகளை அழைத்து, பரண்மேல் இருந்த தகரப் பெட்டியை இறக்கச் சொன்னார். மஞ்சள் துணியில் சுற்றிய கட்டு. அளந்த ஒவ்வொரு நிலத்துக்கும் தனக்கென்று ஒரு நகல் போட்டு வைத்திருக்கிறார். எங்களுடையது பழுப்பேறிய முழுத்தாள். எல்லைக்குச் சிவப்பு மை, அளவுக்குக் கறுப்பு மை. நாலு மூலையிலும் கல்லுக்குக் குட்டிச் சதுரம், பனைக்கு ஒரு விசிறி, கிணற்றுக்கு வட்டம். ஓரத்தில் வடக்கைக் காட்டும் அம்பு.

சிவப்புக் கோடு நேராகப் போகவில்லை. வடக்கிலிருந்து கொஞ்ச தூரம் இறங்கி, சட்டென்று மேற்கே மடிந்து, மறுபடி தெற்கே இறங்கியது. கோடு ஓரத்தில் எழுதியிருந்தது: கிணறு மூத்தவர் பாகம், தண்ணீர் இருவருக்கும் முறை.

ஏன் மடித்தீர்கள் என்றேன்.

"கிணறு வெட்டுன பணம் உங்க பெரியம்மா நகை. அதனால கிணறு மூத்தவருக்குன்னு உங்க தாத்தா சொல்லிட்டாரு. ஆனா இளையவனுக்கு ஒரு குழி குறையக்கூடாதுன்னாரு. ராத்திரி முழுக்கக் கணக்குப் போட்டுத்தான் அந்த மடிப்ப வெச்சேன்."

பெரியம்மா இதை ஒருநாளும் சொன்னதில்லை. பேருந்தில் திரும்பும்போது அதுவேதான் மனசில்.

2024 ஜூன் 8, சனி

"யாரும் கோடு வளைச்சு வரையலாம்," என்றான் தம்பி. அவனையும் அண்ணனையும் திண்ணையில் உட்காரவைத்துக் கணக்கைப் போட்டுக் காட்டினேன்.

அந்தக் காலத்துச் சங்கிலி 66 அடி, அதில் நூறு கண்ணி. ஒரு லட்சம் சதுரக் கண்ணி ஒரு ஏக்கர். எங்கள் நிலம் கிழக்கு மேற்கில் 600 கண்ணி, வடக்கு தெற்கில் 400. மொத்தம் இரண்டு ஏக்கர் நாற்பது சென்ட். நேர்கோடு போட்டால் மேற்கிலிருந்து 300இல் விழும். ஐயாவின் கோடு, வடக்கே முதல் 100 கண்ணி நீளத்துக்கு 330இல் போகிறது. மீதி 300 கண்ணிக்கு 290இல் போகிறது.

மேற்குப் பங்கு எவ்வளவு? 330ஐ 100ஆல் பெருக்கினால் 33,000. 290ஐ 300ஆல் பெருக்கினால் 87,000. கூட்டினால் 1,20,000. ஒரு கண்ணிகூடப் பிசகாமல் ஒரு ஏக்கர் இருபது சென்ட். கிணற்றுப் பக்கம் விட்ட மூன்று சென்டைத் தெற்கே மூன்று சென்டாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். பின்னால் அலுவலகத்தில் பட்டாவைப் பிரித்தவர்கள் அளவு சமம் என்று பார்த்து நடுவில் கோடு இழுத்துவிட்டிருக்க வேண்டும். நிலத்தில் நடந்து பார்க்கவில்லை.

தம்பி தாளை நெடுநேரம் பார்த்தான். "மண்ணுல என்ன இருக்குன்னு பாக்கலாம்," என்றான். படத்தின் தெற்கு முனையில் ஐயா ஒரே சொல் எழுதியிருந்தார்: கரி.

2024 ஜூன் 9, ஞாயிறு

ஐயாவை அண்ணன் வண்டியில் உட்காரவைத்து அழைத்து வந்தார். தெற்கு வரப்பு பக்கத்து நிலத்துக்கும் பொது என்பதால் அது மட்டும் உழவுக்குத் தப்பி நிற்கிறது. தென்மேற்கு மூலைக்கல்லிலிருந்து இரும்பு நாடாவைப் பிடித்தோம். 290 கண்ணி என்றால் 191 அடி 5 அங்குலம்.

அந்த இடத்தில் முழங்கால் ஆழம் தோண்டினோம். ஒன்றுமில்லை. தம்பி மண்வெட்டியைப் போட்டுவிட்டான். ஐயா குச்சியை ஊன்றியபடியே சொன்னார்: "கிழக்கால அரையடி வெட்டு. பழைய சங்கிலி, இழுத்து இழுத்து வளையமெல்லாம் நீண்டு போயிருக்கும். நான் 290ன்னு எழுதுனா மண்ணுல கொஞ்சம் கூடத்தான் இருக்கும்."

ஆறு அங்குலம் தள்ளிப் பள்ளத்தை அகலப்படுத்தியதும் மண்ணின் நிறம் மாறியது. உள்ளங்கையளவு கரித்துண்டுகள், நடுவில் உடைந்த ஓடு. மரம் மக்கும், கல்லைப் பிடுங்குவான், கரி அப்படியே கிடக்கும் என்றார் ஐயா. தம்பி ஒரு துண்டை எடுத்துத் தேய்த்தான். விரல் கறுத்தது. அண்ணன் ஒன்றும் பேசவில்லை. பெரியம்மா வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

2024 ஜூன் 14, வெள்ளி

பத்திர எழுத்தரைப் பார்த்தோம். ஐயாவின் படத்தை வைத்துக்கொண்டு உரிமை கேட்க முடியாது, பதியாத தாள் என்றார். வழக்குப் போட்டிருந்தால் வருடக்கணக்கில் இழுத்திருக்கும். எல்லோரும் ஒப்புக்கொண்டதால் வழி எளிது. பரிவர்த்தனைப் பத்திரம் போட வேண்டும். வடக்கே மூன்று சென்ட் நாங்கள் கொடுக்கிறோம், தெற்கே மூன்று சென்ட் அவர்கள் கொடுக்கிறார்கள். அதைப் பதிந்தபின் உட்பிரிவுக்கு மனு. தண்ணீர் முறையையும் பத்திரத்திலேயே எழுதச் சொன்னது தம்பிதான். நிலத்தை விற்பதைப் பற்றி இன்று அவன் பேச்செடுக்கவில்லை.

2024 ஜூலை 3, புதன்

பதிவு முடிந்தது. சாட்சிக் கையெழுத்து ஐயாவுடையது. கை நடுங்கினாலும் எழுத்து அந்தப் படத்தில் இருந்த அதே சாய்வு.

மாலை நிலத்துக்குப் போனோம். மடிப்பு விழும் இரண்டு மூலைக்கும் குழி வெட்டி வைத்திருந்தார் அண்ணன். தம்பி வீட்டிலிருந்து ஒரு சாக்குக் கரி கொண்டுவந்திருந்தான். கல்லை நடும் முன் ஐயா குனிந்து பார்க்க முயன்றார், முடியவில்லை. "எத்தனை கை போட்டே?" என்று கேட்டார்.

"மூணு."

"இன்னொரு கை போடு."